கண்டி வான்வெளியும் ராடரும்

கண்டியில் விமான நிலையம் இல்லை. பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் மிதவை விமானங்கள் இறங்கி ஏறுவதுண்டு. அதற்கு மேல் நகருக்கு வான்போக்குவரத்து என்று சொந்தமாக எதுவும் இல்லை. ஆயினும் கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்தின் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துபவர்களுக்கு இலங்கையில் மிகக் கவனம் வேண்டிய பகுதி கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டின் வானமே. கண்டி நகரம் கட்டுநாயக்கவுக்குக் கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 45 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்கொக் பக்கமிருந்து வரும் விமானங்கள் உயரத்தைக் குறைக்கத் தொடங்குவதும், அத்திசைகளுக்குப் புறப்படும் விமானங்கள் உயரத்தைப் பிடிப்பதும் இந்த மலைத்தொகுதிக்கு மேலேதான். இறங்குவதும் ஏறுவதும் ஒரே இடத்தில், கீழே ஏழாயிரம் எட்டாயிரம் அடி மலைகள் இருக்க, நடக்கின்றன. விமானங்களை ஒன்றையொன்று நெருங்காமலும், மலையிலிருந்தும் விலக்கி வைக்கும் வேலை ராடரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

போர்க்காலத்து ராடர்

இலங்கைக்கு ராடர் போர்க்கருவியாகவே வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் ராடர் நிலையங்களை அமைத்தனர். 1942 ஏப்ரல் 4ஆம் தேதி, கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் தன் கட்டலினா விமானத்திலிருந்து ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் செய்தி அனுப்பினார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பின் மீது தாக்குதல் நடந்தது. கொழும்பில் ராடர் இருந்தும் எச்சரிக்கை உரிய நேரத்தில் போர்விமானங்களுக்குப் போய்ச் சேரவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே இரத்மலானையிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டபோது அங்கிருந்த ராடர் முன்கூட்டியே கண்டது. விமானங்கள் நேரத்தோடு வானில் ஏறின.

இந்த இரண்டு காலைகளுக்கும் இடையிலான வேறுபாடு பின்னாளைய விமானக் கட்டுப்பாட்டுக்கும் பொருந்துகிறது. ராடர் கண்டதை ஒருவர் புரிந்துகொண்டு, வேறொருவருக்கு, செயற்படப் போதிய நேரம் இருக்கும்போதே சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிந்த புள்ளியால் பயனில்லை.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். போர் முடியும் வரை ஆசியாவின் பெரும் வான்படை நடவடிக்கைகள் பல கண்டிக்கு அருகே இருந்த அந்தப் பூங்காவில் திட்டமிடப்பட்டன. நீர்கொழும்புக்கு அருகே வான்படைக்கென அமைத்த ஓடுபாதையே பிற்காலத்தில் கட்டுநாயக்க விமான நிலையமானது.

ராடர் இல்லாத பிரிப்பு

1947 டிசெம்பர் 10ஆம் தேதி எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அக்காலக் கட்டுப்பாட்டாளருக்கு விமானம் கண்ணில் படாது. அவர் முன்னால் இருந்தவை மணிக்கூடும், வானொலியும், ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்றாக எழுதி அடுக்கிய தாள் பட்டிகளும் மட்டுமே. விமானி ஒரு குறித்த இடத்தைக் கடக்கும்போது நேரத்தையும் உயரத்தையும் அடுத்த இடத்தை எட்டும் நேரத்தையும் சொல்வார். கட்டுப்பாட்டாளர் அதைப் பட்டியில் குறித்துக்கொண்டு, ஒரே உயரத்தில் ஒரே வழியில் வரும் அடுத்த விமானத்தைப் பொதுவாகப் பத்து நிமிடம் பின்னால் வைப்பார்.

பத்து நிமிடம் என்பது கேட்பதற்குச் சிறியது. மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் போகும் ஜெட் விமானம் அதற்குள் 80 கடல் மைல் போய்விடும். கட்டுநாயக்கவிலிருந்து கண்டியைத் தாண்டி, மகியங்கனையையும் தாண்டி அப்பால் செல்லும் தூரம் அது. அவ்வளவு வானத்தையும் அந்த உயரத்தில் ஒரே விமானத்துக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. ராடர் வந்த பிறகு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, இதே இடைவெளி வழமையாக 5 கடல் மைலாகச் சுருங்கியது. ஓடுபாதைக்கு அருகே, கருவிகளின் தரம் அனுமதித்தால், 3 கடல் மைலுக்கும் குறைக்கலாம். ஐந்து கடல் மைல் என்பது 9 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கண்டி நகரிலிருந்து பிலிமத்தலாவைக்குச் சற்று அப்பால் வரையான தூரம். மேலும் கீழுமான இடைவெளி 1,000 அடி. 29,000 அடிக்கு மேல் அது முன்பு 2,000 அடியாக இருந்தது. உயரமானிகள் துல்லியமான பிறகு, 2003இல் வங்காள விரிகுடாப் பகுதியிலும் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது.

பழைய முறையின் பலவீனம் இடத்தை வீணடித்ததில் மட்டும் இல்லை. விமானி தான் இருக்கும் இடம் என்று நம்பிச் சொன்னதைக் கட்டுப்பாட்டாளர் ஏற்க வேண்டியிருந்தது. சரிபார்க்க அவரிடம் வழி இல்லை. கண்டி மலைநாட்டில் இதன் விலை 191 உயிர்கள்.

1974, ஏழு கன்னியர் மலை

1974 டிசெம்பர் 4ஆம் தேதி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகள் 182 பேரையும் பணியாளர் 9 பேரையும் ஏற்றிக்கொண்டு, மார்ட்டினெயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஜித்தா நோக்கிப் புறப்பட்டது. இடையில் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும். அது தென்கிழக்கிலிருந்து, மலைநாட்டுக்கு மேலாக இரவில் வந்தது. கொழும்புக் கட்டுப்பாடு அதை 5,000 அடிக்கு இறங்க அனுமதித்தது. இரவு 10.10 மணியளவில் விமானி, தாம் விமான நிலையத்திலிருந்து 14 மைலில் இருப்பதாக அறிவித்தார். 14 மைலில் நிலம் தட்டை. அங்கே 2,000 அடி பாதுகாப்பான உயரம்தான். ஆகவே 2,000 அடிக்கு இறங்கவும், ஓடுபாதை தெரிந்ததும் சொல்லவும் அனுமதி கிடைத்தது.

உண்மையில் விமானம் அப்போது கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய 40 கடல் மைல் கிழக்கே, மஸ்கெலியா பக்கம் இருந்தது. சில கணங்களில், ஏறக்குறைய 4,355 அடி உயரத்தில், ஏழு கன்னியர் மலையில் அது மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. மலையடிவாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் அந்த இரவைப் பற்றிய பேச்சு இன்னும் இருக்கிறது. விமானத்தின் சக்கரம் ஒன்று நினைவுப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது.

விமானிகள் தம் இடத்தைத் தவறாக அடையாளம் கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்பதே விசாரணையின் முடிவு. விமானத்திலேயே இருந்த டொப்ளர் வழிகாட்டிக் கருவியையும் வானிலை ராடரையும் அவர்கள் நம்பியிருந்தனர். அவை தவறான விளக்கத்துக்கு இடம் தந்தன. கட்டுப்பாட்டாளரின் அனுமதியில் பிழை இல்லை. 14 மைல் என்பது உண்மையாக இருந்திருந்தால் 2,000 அடி சரியே. அந்த 14 மைல் என்ற எண்ணைத் தரையிலிருந்து தனியாக அளந்து சரிபார்ப்பதே ராடர் செய்யும் வேலை. ராடர் திரையில் அந்த விமானம் 40 மைலில் ஒரு புள்ளியாக நின்றிருக்கும். விமானியின் சொல்லும் திரையின் புள்ளியும் முரண்பட்ட கணத்திலேயே அனுமதி திரும்பப் பெறப்பட்டிருக்கும்.

இதற்கு மூன்று நாள் முன்பு, டிசெம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் இலக்க விமானம் மலையொன்றில் மோதி 92 பேர் இறந்தனர். அங்கே ராடர் இருந்தது. “இறங்கு அணுகுமுறைக்கு அனுமதி” என்ற சொற்றொடரை, உடனே 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானி எடுத்துக்கொண்டார். அந்தத் தொலைவில் மலை அதைவிட உயர்ந்தது. அதன் பின்னர் ஓர் அனுமதியில் எந்த இடம் வரை எந்த உயரம் என்பதைக் கட்டுப்பாட்டாளர் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. விமானம் மலைக்கு மிகத் தாழ்ந்தால் ராடர்க் கணினியே எச்சரிக்கும் முறையும் வளர்ந்தது. ஒரே வாரத்தில் நடந்த இந்த இரு விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கண்டி போன்ற மலைப்பகுதியில் ராடர்க் கட்டுப்பாட்டாளர் வான்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் “இதற்குக் கீழே திசை காட்டக் கூடாது” என்ற குறைந்தபட்ச உயரத்தைத் தம் திரை வரைபடத்தில் வைத்திருக்க வேண்டும். விமானத்தைத் தம் கையில் எடுத்துத் திருப்பும் கணத்திலிருந்து, அதை மலையிலிருந்து விலக்கும் பொறுப்பும் அவருடையதாகிறது.

1978 நவம்பர் 15ஆம் தேதி, இன்னொரு ஹஜ் விமானம், ஐஸ்லாந்தின் லொஃப்ட்லைடர் நிறுவனத்தின் டிசி-8, கட்டுநாயக்கவில் இறங்க முயன்றபோது ஓடுபாதையை எட்டுவதற்கு முன் விழுந்து 183 பேர் இறந்தனர். இம்முறை ராடர் வழிகாட்டுதல் இருந்தது. இலங்கை விசாரணை விமானிகள் நடைமுறையைக் கடைப்பிடிக்காததைச் சுட்டியது. ஐஸ்லாந்துத் தரப்பு தரைக் கருவிகளின் நிலையையும் பராமரிப்பையும் சுட்டியது. பக்கவாட்டில் சரியான கோட்டில் நிறுத்திவிட்டாலும் கடைசிச் சில மைல்களில் உயரத்தைக் காப்பது வேறு கருவிகளின் வேலை என்பதை அந்த விபத்து காட்டுகிறது.

புள்ளிக்குப் பெயரும் உயரமும்

முதல்நிலை ராடர் வானொலி அலையை வீசி, விமானத்தின் உலோக உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. அலை ஒரு கடல் மைல் போய்த் திரும்ப ஏறத்தாழ 12.36 மைக்ரோ வினாடி எடுக்கிறது. நேரத்தை அளந்தால் தூரம் கிடைக்கும், அலைவாங்கி சுற்றும்போது எத்திசையைப் பார்த்திருந்தது என்பதிலிருந்து திசை கிடைக்கும். அது யார், எவ்வளவு உயரத்தில் என்பது தெரியாது. மழைமேகமும் மலைச்சரிவும் கூடப் புள்ளியாகத் தெரியும்.

இரண்டாம்நிலை ராடர் எதிரொலிக்குக் காத்திருப்பதில்லை, கேள்வி கேட்கிறது. தரையிலிருந்து 1030 மெகாஹேர்ட்ஸில் கேள்வி போகும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹேர்ட்ஸில் பதில் சொல்லும். பதிலில் கட்டுப்பாட்டாளர் கொடுத்த நான்கு இலக்க எண்ணும் விமானத்தின் உயரமும் இருக்கும். எட்டு இலக்கங்கள் மட்டும் (0 முதல் 7 வரை) பயன்படுவதால் மொத்தம் 4,096 எண்களே உண்டு. ஆபத்துக்கு 7700, வானொலி பழுதானால் 7600, கடத்தலுக்கு 7500 என்று மூன்று எண்கள் உலகெங்கும் ஒதுக்கப்பட்டவை.

உயரம் தெரியாத ராடரை வைத்துக்கொண்டு நெரிசலான வானத்தைப் பிரிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நம் பிராந்தியத்திலேயே கசப்பான சான்று இருக்கிறது. 1996 நவம்பர் 12ஆம் தேதி, தில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியின் மேல், தில்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானமும் இறங்கிக்கொண்டிருந்த கசக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். சவூதி விமானத்துக்கு 14,000 அடியும் கசக் விமானத்துக்கு 15,000 அடியும் தரப்பட்டிருந்தன. கசக் விமானம் தன் உயரத்தைவிட்டுக் கீழே இறங்கியது. தில்லிக் கட்டுப்பாட்டாளரிடம் அப்போது இருந்தது உயரம் காட்டாத முதல்நிலை ராடர். எனவே 15,000க்குக் கீழே போகிறது என்பது அவர் திரையில் தெரிய வாய்ப்பே இல்லை.

பிதுருதலாகலையின் உச்சி

ராடர் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது. கட்டுநாயக்க கடல் மட்டத்தோடு ஒட்டிய இடம். அங்கிருந்து தென்கிழக்கே பார்த்தால் 43 கடல் மைலில் சிவனொளிபாதமலை 7,359 அடிக்கு நிற்கிறது. பூமியின் வளைவையும் காற்றில் அலை சற்று வளைவதையும் கணக்கில் எடுத்தால், அதே கோட்டில் மலைக்கு அப்பால் 60 கடல் மைலில் வரும் விமானம் ஏறத்தாழ 11,000 அடிக்கு மேல் இருந்தால்தான் கட்டுநாயக்கவுக்குத் தெரியும். அதற்குக் கீழே அது மலையின் நிழலில் இருக்கும். சிகரம் ஒடுங்கியது, அதனால் அதன் நிழலும் ஒடுங்கியது. ஆனால் அதன் பக்கத்தில் ஹோர்ட்டன் சமவெளியும், வடக்கே நக்கிள்ஸும் சேர்ந்து நீண்ட தடுப்பாக நிற்கின்றன. பறப்பவர்களுக்கு மிக ஆபத்தான இடமே ராடருக்குக் குறைவாகத் தெரிகிறது.

இதற்கு இலங்கை கண்ட விடை, மலையின் உச்சியிலேயே ராடரை ஏற்றுவது. நாட்டின் மிக உயர்ந்த இடமான பிதுருதலாகலையில் (2,524 மீற்றர், 8,281 அடி) இரண்டாம்நிலை ராடர் இயங்குகிறது. கண்டியிலிருந்து அது தெற்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 36 கிலோமீற்றர். அந்த உச்சியிலிருந்து பார்க்கும்போது கடல் மட்ட அடிவானமே 110 கடல் மைலுக்கு அப்பால் விலகுகிறது. 35,000 அடியில் பறக்கும் விமானம் கணக்கின்படி 340 கடல் மைல் வரை நேர்ப்பார்வைக்குள் வரும். கருவியின் ஆற்றலே அதற்கு முன் எல்லை போட்டுவிடும். பகுதிக் கட்டுப்பாட்டு நிலையம் கொழும்பு வான்தகவல் பிரதேசத்தைப் பார்க்கிறது. இலங்கைத் தரையைவிட அதில் கடலே பல மடங்கு அதிகம். அதனால் உயரத்தில் வைத்த ராடர் மலைநாட்டுக்கு மட்டுமல்லாமல் கடலுக்கும் உதவுகிறது.

உச்சி ராடருக்கும் குருட்டு இடம் உண்டு. தலைக்கு நேர் மேலே அலைவீச்சு இல்லை. மலைக்கு மேலே கூம்பு வடிவில் ஒரு பகுதி தெரியாது. 45 பாகை வரை பார்க்கும் ஒரு அலைவாங்கிக்கு, 35,000 அடி உயரத்தில் அந்தக் கூம்பு ஏறத்தாழ 4.4 கடல் மைல் ஆரம் கொண்டது. நுவரெலியாவுக்கு மேலே அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விமானத்தின் புள்ளி மறைந்து, பழைய வேகத்திலும் திசையிலும் கணினி ஊகித்த இடத்தில் நகரும். இந்த ஊகக் குறியை உண்மைப் புள்ளியிலிருந்து பிரித்துப் பார்க்கக் கட்டுப்பாட்டாளர் பழகியிருக்க வேண்டும். அந்நேரத்தில் வேறு விமானத்தை அதனருகே இறக்கக் கூடாது.

கண்டிக்கு மேல் ஒரு சந்திப்பு

ராடர்ப் பிரிப்பின் உண்மையான வேலையை, எண்களை வட்டமாக வைத்து, ஒரு எடுத்துக்காட்டால் காட்டலாம். கட்டுநாயக்க ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்குத் திசையில் கிடக்கிறது. காற்று தென்மேற்குப் பக்க அணுகுமுறையைக் கேட்கும் நாளில், கிழக்கிலிருந்து வரும் விமானம் சுற்றிவந்து கடல் பக்கமிருந்து இறங்க வேண்டும். பாதை நீள்வதால் கண்டிக்கு மேலே அது இன்னும் 19,000 அடியளவில் இருக்கும்.

ஒரு விமானம் கிழக்கே 80 கடல் மைலில், 29,000 அடியில், நிமிடத்துக்கு 2,000 அடி இறங்கிக்கொண்டு வருகிறது. வேகம் நிமிடத்துக்கு 7 கடல் மைல். இன்னொன்று புறப்பட்டுக் கிழக்கே 20 கடல் மைலில், 10,000 அடியில், நிமிடத்துக்கு 1,800 அடி ஏறிக்கொண்டிருக்கிறது. வேகம் நிமிடத்துக்கு 5 கடல் மைல். இடைவெளி 60, நெருங்கும் வேகம் நிமிடத்துக்கு 12. ஐந்து நிமிடத்தில் இரண்டும் கட்டுநாயக்கவிலிருந்து 45 கடல் மைலில், கண்டிக்கு மேலே, இரண்டுமே 19,000 அடியில் சந்திக்கும்.

கட்டுப்பாட்டாளர் இதை ஐந்தாவது நிமிடத்தில் பார்ப்பதில்லை. விமானங்கள் அவருடைய திரைக்குள் வந்ததுமே பார்க்கிறார். முதல் வேலை அடையாளம். எந்தப் புள்ளி எந்த விமானம் என்று உறுதிப்படுத்தி, ராடரில் அடையாளம் காணப்பட்டதை விமானிக்குச் சொன்ன பிறகே ராடர் இடைவெளியைப் பயன்படுத்தலாம். அடுத்தது காப்பு: ஏறும் விமானத்தை 17,000 அடியில் நிறுத்தச் சொல்கிறார், இறங்குவதை 20,000 அடியில் நிறுத்தச் சொல்கிறார். இனி என்ன ஆனாலும், இருவரும் சொன்னதைக் கேட்டால் மோதல் இல்லை. வானொலி அறுந்தாலும் இந்த உயரங்கள் காக்கும். விமானி அனுமதியைத் திருப்பிச் சொல்வதைக் கவனமாகக் கேட்பதும் இதில் அடங்கும். 17,000 என்று சொன்னதை 19,000 என்று ஒருவர் திருப்பிச் சொன்னால் அதை அப்போதே பிடிக்க வேண்டும்.

இப்படியே விட்டால் இரண்டும் இடையில் மட்டமாகப் பறந்து எரிபொருளை வீணாக்கும். ஆகவே மூன்றாவது வேலை, பக்கவாட்டு இடைவெளியை உண்டாக்குவது. ஏறும் விமானத்தை 30 பாகை வலப்பக்கம் திருப்புகிறார். மூன்று நிமிடத்தில் அது 15 கடல் மைல் போகும். அதில் பாதி, 7.5 கடல் மைல், பழைய கோட்டிலிருந்து விலகல். 5 கடல் மைல் இடைவெளி திரையில் உறுதியானதும், இனி குறையாது என்று தெரிந்ததும், இரண்டுக்கும் உயரத் தடையை நீக்குகிறார். ஒன்று மற்றொன்றின் உயரத்தைக் கடக்கிறது, பக்கவாட்டில் விலகியபடி. கடந்ததும் ஏறிய விமானத்தை அதன் வழிக்குத் திருப்பிவிடுகிறார்.

திருப்பம் தாமதித்தால் கணக்கு மாறிவிடும். சந்திப்புக்கு ஒன்றரை நிமிடம் இருக்கும்போது அதே 30 பாகை திருப்பினால் 3.75 கடல் மைல்தான் விலகல், 5 எட்டாது. அதனால்தான் இந்த வேலையில் சிறந்தவர்கள் பெரிய திருப்பங்களைக் கொடுப்பதில்லை. அவர்கள் சீக்கிரம் சிறிய திருப்பம் கொடுக்கிறார்கள். திருப்பும் பக்கத்தில் மலைக்கான குறைந்தபட்ச உயரம் என்ன என்று முதலில் பார்க்கிறார்கள். எடுத்துக்காட்டில் விமானம் 10,000 அடிக்கு மேலே இருந்ததால் பிரச்சினை இல்லை. அதுவே 6,000 அடியில் இருந்திருந்தால் மலைநாட்டுக்குள் திருப்புவது, ஒரு ஆபத்துக்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுப்பதாகும்.

திரை எப்போதும் சற்றுப் பழையது என்பதையும் அவர்கள் மறப்பதில்லை. தொலைதூர ராடரின் அலைவாங்கி ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி எடுக்கும். 12 வினாடியில் நிமிடத்துக்கு 8 கடல் மைல் போகும் விமானம் 1.6 கடல் மைல் நகர்ந்துவிடும். விமானம் திரும்பத் தொடங்கியதும் திரையில் அது உடனே தெரியாது. ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிறகே புதிய திசை தெளியும். விமான நிலையத்துக்கு அருகே 3 கடல் மைல் இடைவெளியை அனுமதிக்கும் ராடர்கள் நான்கு ஐந்து வினாடிக்கு ஒரு முறை சுற்றுவதற்கு இதுவே காரணம்.

எங்கே தவறும்

இரண்டு விமானங்கள் ராடரிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவிலும் ஒரே திசையிலும் இருந்தால், அவற்றின் பதில்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கும். ஒரு பதிலின் நீளம் 20.3 மைக்ரோ வினாடி. அதனால் தொலைவில் 1.6 கடல் மைலுக்குள் இருக்கும் இரு விமானங்களுக்கு இந்த ஆபத்து உண்டு. திரையில் உயர எண் விட்டுவிட்டு மறையும், அல்லது ஒன்றின் அடையாளச் சீட்டு மற்றொன்றோடு ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டாளர் விமானியிடம் உயரத்தைக் கேட்டுத் திரையோடு ஒப்பிடுவார், அல்லது அடையாளப் பொத்தானை அழுத்தச் சொல்வார். ஒற்றைத் துடிப்பிலேயே திசையை அளக்கும் மோனோபல்ஸ் முறையும், ஒவ்வொரு விமானத்தையும் அதன் 24 பிட் முகவரியால் தனித்தனியாக விளிக்கும் எஸ் முறையும் இந்தக் கலக்கத்தை வெகுவாகக் குறைத்தன.

மலைச்சரிவு அலையைத் திருப்பி அனுப்புவதால், இல்லாத இடத்தில் ஒரு பொய்ப் புள்ளி தோன்றலாம். ஒரே நான்கு இலக்க எண் இரண்டு இடங்களில் தெரிந்து, ஒன்று மட்டும் சீரற்று நகர்ந்து மறைந்தால் அது பெரும்பாலும் எதிரொலியே. டிரான்ஸ்பாண்டர் பழுதானால், கேட்டுப் பெறும் ராடருக்கு விமானமே இல்லாதது போலத் தோன்றும். அப்போது முதல்நிலை ராடர் உள்ள எல்லைக்குள் மட்டுமே அந்த உடலைக் காண முடியும். அதற்கு அப்பால், பத்து நிமிட இடைவெளியும் தாள் பட்டியும் மீண்டும் வருகின்றன. அதனால் இன்றைய கட்டுப்பாட்டாளரும் ராடர் இல்லாத முறையில் தேர்ச்சி பெற்றே வேலைக்கு வருகிறார்.

ராடருக்குப் பிறகு

இப்போது விமானங்கள் செயற்கைக்கோளிலிருந்து தம் இடத்தைத் தாமே கண்டு, வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை 1090 மெகாஹேர்ட்ஸில் அறிவிக்கின்றன. ஏடிஎஸ்-பி எனப்படும் இதைக் கேட்கும் நிலையங்கள் இலங்கையிலும் அமைக்கப்பட்டுள்ளன. கேட்கும் கருவி சுழலும் அலைவாங்கியைவிட மலிவானது, சிறியது, புதுப்பித்தலும் விரைவு. மலையின் நிழலில் ஒரு கேட்கும் நிலையத்தை வைப்பது, அங்கே இன்னொரு ராடரைக் கட்டுவதைவிடப் பல மடங்கு எளிது.

ஆனால் இந்த முறையில் விமானம் சொல்வதே சான்று என்ற நிலை ஒரு வகையில் திரும்புகிறது. செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குறுக்கிட்டோ போலியாகவோ கெடுத்தால் விமானம் தவறான இடத்தை அறிவிக்கும். திரையும் அதையே காட்டும். உலகின் சில பகுதிகளில் இது நடக்கிறது. தரையிலிருந்து தனியாக அளக்கும் ராடரை வான்வழிச் சேவைகள் கைவிடாமல், இரண்டையும் ஒன்றாகத் திரையில் பொருத்தி ஒப்பிடுவதற்கு இதுவே முக்கிய காரணம். 1974இல் 14 மைலா 40 மைலா என்று கேட்க ஒருவரிடமும் தனி அளவு இருக்கவில்லை. இன்று அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன.

கண்டிப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த வானம் மட்டும் இந்த அமைப்பின் கைக்குள் முழுதாக வரவில்லை. உச்சி ராடருக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே மலைமடிப்புகள் உண்டு. பொல்கொல்லைக்கு வரும் மிதவை விமானங்களும் ஹெலிகொப்டர்களும் அங்கே தாழப் பறக்கையில் தம் கண்ணை நம்பிப் பார்வைவிதிப்படி பறக்கின்றன. மழைமேகம் மலையை மூடும் நாளில் விமானி பறக்கலாமா என்பதை முடிவு செய்வது திரை அல்ல, காட்சித் தூரமும் அவருடைய தீர்ப்புமே.